பதினைந்து நாள் அவகாசம்: ஒரு காசோலை நோட்டீஸின் கணக்கு

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வக்கீல் தொழிலுக்கு வந்தபோது, காசோலை திரும்பியதாக என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் அரிசி மண்டிக்காரர்களும் கைமாற்று கொடுத்தவர்களும்தான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. அதற்குப் பிறகு என் மேசைக்கு வரும் ஆட்களே மாறிவிட்டார்கள். பிரஸ் ஷாப் வைத்திருப்பவர், பவுடர் கோட்டிங் செய்பவர், அட்டைப்பெட்டி சப்ளை செய்பவர், கேன்டீன் எடுத்து நடத்துபவர் என்று வரத் தொடங்கினார்கள்.

இந்தத் தொழிற்பேட்டைகளில் பெரிய ஆலைகள் காசோலை கொடுப்பதில்லை. பணம் நேராகக் கணக்குக்குப் போய்விடும். காசோலை புழங்குவது அவற்றுக்குக் கீழே மூன்றாம், நான்காம் அடுக்கில். வாடகை ஷெட்டில் எட்டுப் பேரை வைத்து வேலை செய்யும் ஒருவர், ஐம்பது பேரை வைத்திருக்கும் இன்னொருவருக்குச் சரக்கு கொடுப்பார். வாங்குபவர் அறுபது, தொண்ணூறு நாள் தள்ளித் தேதியிட்டு ஒரு காசோலையை நீட்டுவார். மேலே இருப்பவர் ஆர்டரைக் குறைத்தாலோ, ரிஜெக்‌ஷன் என்று சொல்லிப் பணத்தைப் பிடித்தாலோ, கீழே இருப்பவருடைய காசோலை திரும்பும்.

திரும்பிய காசோலைக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. 1989 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. காசோலை திரும்பியதுமே குற்றம் ஆகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வங்கி திருப்பி அனுப்பிய பிறகு, பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது கையில் கிடைத்த பிறகு எதிராளிக்கு 15 நாள் அவகாசம் உண்டு. அந்த 15 நாளும் முழுதாக ஓடி, பணம் வராமல் போனால்தான் வழக்குத் தொடுக்கும் உரிமை பிறக்கிறது. ஆகவே நோட்டீஸ்தான் வழக்கின் அஸ்திவாரம். அதில் தேதியோ தொகையோ பிசகினால், பின்னால் எத்தனை சாட்சி வைத்தாலும் கட்டடம் நிற்காது.

ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு நாள் நாளாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கு அப்படியே இருக்கிறது.

ஒரகடம் பக்கத்தில் ஷீட் மெட்டல் பிராக்கெட் செய்யும் ஒருவர், அதே பகுதியில் இருந்த ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குச் சரக்கு கொடுத்திருந்தார். மொத்தப் பாக்கி ரூ.7,12,000. அதில் மூன்று இன்வாய்ஸுக்குச் சேர்த்து 2023 ஏப்ரல் 3 தேதியிட்ட ரூ.4,86,000 காசோலை வந்திருந்தது. ஏப்ரல் மாதம் வங்கியில் போடப் போனபோது, “ஒரு மாசம் பொறுங்கண்ணே, பெரிய கம்பெனியிலிருந்து பேமென்ட் வரணும்” என்றார் வாங்கியவர். இவரும் பொறுத்தார். ஜூன் 12இல் போட்டார். கணக்கில் போதிய பணம் இல்லை என்று திரும்பியது. மறுபடியும் ஒரு போன், மறுபடியும் ஒரு வாக்குறுதி. ஜூன் 26இல் இரண்டாவது முறை போட்டார். 27ஆம் தேதி அதே காரணத்தோடு திரும்பியது. அன்றே செல்பேசிக்கு வங்கிக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. ரிட்டர்ன் மெமோவை வங்கிக்குப் போய் வாங்கியது 28ஆம் தேதி.

இரண்டாவது முறை போட்டதில் தவறில்லை. ஆனால் ஒரு காலத்தில் இதில் பெரிய கண்ணி இருந்தது. முதல் முறை திரும்பியதும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, எதிராளியின் வாக்கை நம்பிக் கெடுவுக்குள் வழக்குப் போடாமல் இருந்துவிட்டால், இரண்டாவது முறை திரும்பியதை வைத்து வழக்குப் போட முடியாது என்று 1998இல் சதானந்தன் பத்ரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. எதிராளிமேல் இரக்கப்பட்டவர்தான் அதில் தோற்றார். அதை மாற்றியது தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு: எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் எதிர் எஸ்.பழனியப்பன். 1996இல் கொடுத்த காசோலைகள் திரும்பி, நோட்டீஸும் போய், பிறகு எதிர்த்தரப்பு கொடுத்த உறுதியின்பேரில் மறுபடி வங்கியில் போடப்பட்டு மறுபடியும் திரும்பின. சென்னை உயர் நீதிமன்றம் பழைய தீர்ப்பைப் பின்பற்றி வழக்கை ரத்து செய்தது. 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பையே தள்ளிவிட்டது. காசோலை செல்லுபடியாகும் காலத்துக்குள் எத்தனை முறை போட்டாலும், கடைசியாகத் திரும்பியதை வைத்து நோட்டீஸ் கொடுத்து வழக்குத் தொடுக்கலாம் என்பதே இன்றைய நிலை.

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு இடம் குறைந்துவிட்டது. 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுளை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாக ரிசர்வ் வங்கி குறைத்தது. நம் பிராக்கெட் காரருடைய காசோலைக்கு ஜூலைத் தொடக்கத்தில் ஆயுள் முடிகிறது. இன்னொரு வாரம் பொறுத்திருந்தால் 138ஆம் பிரிவே அவர் கையை விட்டுப் போயிருக்கும். “பொறுங்கண்ணே” என்று யாராவது சொன்னால், முதலில் காசோலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது நோட்டீஸ் அனுப்பும் கெடு. காசோலை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இது 15 நாள்தான். 2003 பிப்ரவரி 6 முதல்தான் 30 ஆயிற்று. அப்போதெல்லாம் ரிட்டர்ன் மெமோ வங்கியிலிருந்து தபாலில் ஊர்ந்து வரும். அது எந்தத் தேதியில் கிடைத்தது என்பதைப் பற்றியே பாதிக் குறுக்கு விசாரணை நடக்கும். இன்றைக்குக் காசோலையின் படம்தான் வங்கிக்கு வங்கி போகிறது. திரும்பிய தகவலும் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. அதனால் எண்ணிக்கையை மெமோ வாங்கிய நாளிலிருந்து நான் தொடங்குவதில்லை. குறுஞ்செய்தி வந்த நாளிலிருந்து எண்ணுகிறேன். இந்த வழக்கில் மெமோ கையில் கிடைத்தது ஜூன் 28 என்று வைத்தால் ஜூலை 28 வரை நாள் இருக்கிறது. குறுஞ்செய்தி வந்த 27ஐ வைத்தால் ஜூலை 27தான் கடைசி. எதிர்த்தரப்பு வக்கீல் எந்தத் தேதியைப் பிடித்தாலும் நிற்க வேண்டும் என்பதால் முந்தையதையே எடுத்துக்கொண்டேன். நோட்டீஸ் ஜூலை 5ஆம் தேதியே போய்விட்டது.

இனித் தொகை. நான் பார்த்த நோட்டீஸ்களில் அதிகம் பாழானது இந்த இடத்தில்தான். “சார், மொத்தம் ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரணும். அதோட இருபத்து நாலு பர்சென்ட் வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு லட்சம், எல்லாத்தையும் போட்டு ஸ்ட்ராங்கா ஒரு நோட்டீஸ் குடுங்க” என்றார் கட்சிக்காரர். அவர் கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் கேட்கச் சொல்வது அந்தக் காசோலையில் எழுதியிருக்கும் தொகையை மட்டும்தான். ராகுல் பில்டர்ஸ் வழக்கில் காசோலை ஒரு லட்ச ரூபாய்க்கு இருந்தது. நோட்டீஸில் மொத்தப் பாக்கியான எட்டு லட்சத்துச் சொச்சத்தைக் கேட்டிருந்தார்கள். அந்த நோட்டீஸ் செல்லாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2025 செப்டம்பரில் வந்த காவேரி பிளாஸ்டிக்ஸ் தீர்ப்பு இதைவிடக் கடுமையானது. காசோலை ஒரு கோடி ரூபாய்க்கு. நோட்டீஸில் இரண்டு கோடி என்று அச்சாகியிருந்தது. தட்டச்சுப் பிழை என்று வாதாடிப் பார்த்தார்கள். காசோலையின் எண்ணும் தேதியும் சரியாகத்தானே இருக்கின்றன, எந்தக் காசோலை என்பது எதிராளிக்குத் தெரியும்தானே என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. இது தண்டனைச் சட்டம், நோட்டீஸில் கேட்கும் தொகையும் காசோலைத் தொகையும் ஒன்றாகவே இருக்க வேண்டும், தட்டச்சுப் பிழை என்பது சமாதானம் ஆகாது என்று தீர்த்துவிட்டது. ஒரே ஒரு எண்ணால் ஒரு கோடி ரூபாய்க் காசோலைக்கான குற்ற வழக்கு போய்விட்டது.

வட்டியும் செலவும் கேட்கவே கூடாது என்பதில்லை. காசோலைத் தொகையைத் தனியாக, தெளிவாகக் கேட்டுவிட்டு மற்றதை வேறு பத்தியில் கேட்டிருந்தால் நோட்டீஸ் கெடாது என்று 2000இல் சுமன் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் நான் கலப்பதில்லை. 138ஆம் பிரிவு நோட்டீஸ் காசோலைக்கு மட்டும் ஒன்று, மீதிப் பாக்கிக்கு வேறொன்று என்பதே என் வழக்கம். அந்தப் பிராக்கெட் வழக்கில் கோரிக்கைப் பத்தி இப்படித்தான் இருந்தது:

“மேற்படி காசோலைத் தொகையான ரூ.4,86,000ஐ (ரூபாய் நான்கு லட்சத்து எண்பத்தாறாயிரம் மட்டும்) இந்த அறிவிப்பு தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் என் கட்சிக்காரருக்குச் செலுத்த வேண்டும். தவறினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி தங்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.”

இதற்கு மேலே காசோலை எண், தேதி, வங்கி, எந்த இன்வாய்ஸுகளுக்காகக் கொடுத்தது, எந்தத் தேதியில் என்ன காரணத்தோடு திரும்பியது என்பவை இருக்கும். அவ்வளவுதான் சரக்கு. சட்டம் இதற்கென்று தனிப் படிவம் எதையும் விதிக்கவில்லை. நோட்டீஸ் கையெழுத்தாகும் முன் அசல் காசோலையை மேசையில் வைத்து, ஒருவர் காசோலையிலிருந்து படிக்க இன்னொருவர் நோட்டீஸில் விரல் வைத்துச் சரிபார்ப்பது என் அலுவலகத்தில் விதி.

தொகையில் இன்னொரு சிக்கல் இந்தப் பகுதியில் அடிக்கடி வரும். காசோலையைக் கொடுத்த பிறகு, “இப்போதைக்கு இதை வச்சுக்கோங்க” என்று ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கணக்கில் போட்டுவிடுவார்கள். வாங்கியவர் அதைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, முழுத் தொகைக்கான அதே காசோலையை வங்கியில் போடுவார். 2022 அக்டோபரில் தசரத்பாய் படேல் வழக்கில் இதற்கு முடிவு வந்துவிட்டது. வங்கியில் போடும் நாளில் எவ்வளவு கடன் இருக்கிறதோ அதுதான் கணக்கு. இடையில் பகுதிப் பணம் வந்திருந்தால் அதைக் காசோலையிலேயே குறித்துவிட்டு மீதிக்குத்தான் போட வேண்டும். நடைமுறையில் வங்கிகளில் அதற்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதனால் பழைய காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதித் தொகைக்குப் புதுக் காசோலை வாங்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன்.

அடுத்து முகவரி. இங்கே ஷெட் வாடகைக்கு எடுத்தவர்கள் ஒரே வருடத்தில் இடம் மாறுவார்கள். கம்பெனியின் பதிவு அலுவலகம் சென்னையில் ஏதாவது ஒரு குடியிருப்பில் இருக்கும், தொழிற்சாலை ஒரகடத்தில் இருக்கும். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி, “மேனேஜர் இல்லை” என்று தபாலைத் திருப்பிவிடுவார். ஆகவே கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்திலிருந்து பதிவு அலுவலக முகவரியை அன்றைக்கே எடுத்துக்கொண்டு, அதற்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று, கையெழுத்திட்ட இயக்குநரின் வீட்டுக்கு ஒன்று என்று அனுப்புவேன். நோட்டீஸ் கட்டாயம் கம்பெனியின் பெயருக்கே போக வேண்டும். காசோலை கம்பெனியுடையது. கம்பெனியை எதிரியாகச் சேர்க்காமல் இயக்குநர்மீது மட்டும் வழக்கு நிற்காது என்பது 2012இல் அனிதா ஹடா வழக்கில் உறுதியானது.

சரியான முகவரிக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டால், வாங்க மறுத்தாலும், கதவு பூட்டியிருக்கிறது என்று உறை திரும்பினாலும், கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். நோட்டீஸே வரவில்லை என்று சொல்பவர், சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று 2007இல் சி.சி.அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையும் செய்யாதவர் நோட்டீஸ் கிடைக்கவில்லை என்று பிறகு வாதாட முடியாது. திரும்பி வந்த உறையைப் பிரிக்கக் கூடாது. அதன்மேல் தபால்காரர் எழுதிய குறிப்பும் முத்திரையும்தான் சாட்சி. 2025இல் பதிவுத் தபாலை விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள். அதனால் ரசீதோடு சேர்த்து, எந்த நாளில் எங்கே கொடுக்கப்பட்டது என்று அஞ்சல் துறை இணையதளம் காட்டும் பக்கத்தையும் அந்தந்த நாளிலேயே அச்செடுத்து வைக்கிறோம். சில மாதங்கள் கழித்துத் தேடினால் அந்த விவரம் கிடைக்காமல் போகலாம்.

இந்த வழக்கில் ஒரகடம் தொழிற்சாலையில் நோட்டீஸ் ஜூலை 7ஆம் தேதி கிடைத்தது. சென்னை முகவரிக்குப் போன உறை, முகவரிதாரர் போய்விட்டார் என்ற குறிப்போடு 14ஆம் தேதி திரும்பி வந்தது. இப்போது 15 நாளை எங்கிருந்து எண்ணுவது? ஜூலை 7ஐ விட்டுவிட்டு எண்ணினால் 22ஆம் தேதியோடு அவகாசம் முடிகிறது. 23ஆம் தேதி வழக்குரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதம், அதாவது ஆகஸ்ட் 23க்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். ஜூலை 14இலிருந்து எண்ணினால் 29ஆம் தேதிதான் அவகாசம் முடியும். நான் என் ஜூனியர்களுக்குச் சொல்வது: எந்தத் தேதியிலிருந்து எண்ணினாலும் சரியாக விழும் நாளில் தாக்கல் செய்யுங்கள். இங்கே அது ஜூலை 30க்குப் பிறகு, ஆகஸ்ட் 23க்கு முன்னால். டைரியில் ஆகஸ்ட் முதல் வாரம் என்று குறித்தோம்.

அவசரப்பட்டு முன்னாலேயே போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கட்சிக்காரர் கேட்டார். 2014இல் யோகேந்திர பிரதாப் சிங் வழக்கில் விடை இருக்கிறது. 15 நாள் முடியும் முன் தாக்கல் செய்த புகார் சட்டத்தின் கண்ணில் புகாரே இல்லை. எதிராளி பிறகும் பணம் கட்டவில்லை என்பது அதைக் காப்பாற்றாது. தாமதமாகப் போட்டாலாவது தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வழி உண்டு. முன்கூட்டிப் போட்ட புகாரை உயிர்ப்பிக்க வழியே இல்லை. தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லிப் புதிதாக இன்னொன்று போடுவதைத் தவிர வேறு போக்கில்லை.

ஜூலை 17ஆம் தேதி பதில் நோட்டீஸ் வந்தது. சரக்கில் தரக்குறைவு, ரூ.1,50,000க்கு டெபிட் நோட் போட்டிருக்கிறோம், காசோலை வெறும் செக்யூரிட்டிக்காகக் கொடுத்தது என்று எழுதியிருந்தார்கள். இந்தப் பகுதியில் இதே மூன்று வரிகளைத்தான் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். காசோலையில் கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால், அது கடனுக்காகக் கொடுத்தது என்று சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு கொடுத்தவருடையது. ஆனால் அந்த அனுமானத்தை மட்டும் நம்பி நான் நோட்டீஸ் அனுப்புவதில்லை. கேட் முத்திரை விழுந்த டெலிவரி சலான், இ-வே பில், சரக்கு ஏற்பு ரசீது மூன்றையும் வாங்கிப் பார்த்த பிறகே எழுதுவேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு ஒரு நல்ல சாட்சியும் சேர்ந்திருக்கிறது. நம் இன்வாய்ஸுக்கு வாங்கியவர் உள்ளீட்டு வரிச் சலுகை எடுத்திருந்தால், சரக்கே வரவில்லை என்று அவர் சொல்வது கடினம். இங்கே அப்படித்தான் எடுத்திருந்தார்கள். அவர்கள் சொன்ன டெபிட் நோட்டின் தேதியோ, நம் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்குப் பிந்தையது.

ஜூலை 21, வெள்ளிக்கிழமை. பதினான்காம் நாள். பிற்பகலில் ரூ.4,86,000 ஆர்டிஜிஎஸ் வழியாக வந்து விழுந்தது. “சார், வட்டி?” என்றார் கட்சிக்காரர். காசோலைத் தொகை முழுதாக 15 நாளுக்குள் வந்துவிட்டால் குற்றம் பிறக்கவே இல்லை. வட்டி தரவில்லை என்பதற்காகவோ, நோட்டீஸ் செலவு தரவில்லை என்பதற்காகவோ 138இன் கீழ் வழக்குப் போட முடியாது. அசல் காசோலையை ரசீது வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தோம். மீதி ரூ.2,26,000க்குக் காசோலை இல்லை. அவர் குறுந்தொழிலாகப் பதிவு செய்திருந்ததால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி வசதியாக்க மன்றத்தில் மனுப்போட்டோம். 45 நாளுக்கு மேல் தாமதமான பாக்கிக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. வட்டிக்கான கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் அதுதான்.

பணம் வராமல் போயிருந்தால் வழக்கை எங்கே போடுவது என்ற கேள்வி வந்திருக்கும். இதிலும் ஒரு காலத்தில் பட்டிருக்கிறோம். 2014 ஆகஸ்ட் 1 அன்று தசரத் ரூப்சிங் ராத்தோட் தீர்ப்பு வந்தபோது, காசோலை எந்த வங்கிக் கிளைமேல் எழுதப்பட்டதோ அங்கேதான் வழக்கு என்று ஆயிற்று. இங்கே வாங்கும் கம்பெனிகள் பலவற்றுக்கு வங்கிக் கணக்கு வெளி மாநிலத்தில். நான்கு லட்ச ரூபாய்க்காகப் புனேவுக்கும் குர்கானுக்கும் எப்படிப் போவது என்று பலர் கைவிட்டார்கள். 2015இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் மூச்சு வந்தது. காசோலையை வசூலுக்குப் போட்டவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ, அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றமே போதும். ஸ்ரீபெரும்புதூர்க் கிளையில் கணக்கு வைத்திருந்தால் வழக்கும் ஸ்ரீபெரும்புதூரிலேயே நடக்கும்.

இத்தனை வருடத்தில் நான் கண்டது: நோட்டீஸைப் பார்த்த உடனே எதிராளி பணம் கட்டுவதில்லை. தன் வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார். அந்த வக்கீல் தேதியையும் தொகையையும் முகவரியையும் புரட்டிப் பார்க்கிறார். ஓட்டை இருந்தால், “விடுங்க, நீதிமன்றத்துல பார்த்துக்கலாம்” என்கிறார். ஓட்டை இல்லையென்றால், “கட்டிடுங்க” என்கிறார். மிரட்டும் சொற்களால் அந்த வக்கீலின் முடிவு மாறுவதில்லை.

இந்தத் தொழிற்பேட்டைகளில் காசோலையை நம்பிச் சரக்கு அனுப்பும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். காசோலை கைக்கு வந்த அன்றே இரண்டு பக்கமும் படம் எடுத்து, மூன்று மாதக் கெடுவை நாட்காட்டியில் குறியுங்கள். திரும்பிய குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். திரும்பி ஒரு வாரத்துக்குள் வக்கீலிடம் வந்துவிடுங்கள். கடைசி நாளுக்கு முந்தைய மாலை வருபவருக்கு எழுதும் நோட்டீஸில்தான் எண்கள் தவறுகின்றன. எதிராளிக்குச் சட்டம் கொடுத்த 15 நாளை ஒரு நாள்கூடக் குறைக்காமல் கொடுங்கள்.